ஆண்டறிக்கையில் இலாபத்திற்கு எத்தனை பெயர்கள்?

திருப்பூர், அவினாசி, பல்லடம் வட்டாரங்களில் நூற்பாலை, பனியன் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கும் விவசாயிகள் பலர் உண்டு. ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் இலாபம், ஆதாயம், இலாப விகிதம், உபரி, முதலீட்டுக்கான வருவாய் என்று பல சொற்கள் காணப்படும். இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு.

உதாரணமாக, ஒரு பனியன் கம்பெனியின் ஆண்டு விற்பனை 100 கோடி ரூபாய் என்று கொள்வோம். நூல், சாயம் முதலிய பொருள்களுக்கு 60 கோடியும், கூலி, மின்சாரம் முதலியவற்றிற்கு 30 கோடியும் போக மிஞ்சுவது 10 கோடி. இதுவே தொழில் இலாபம். விற்பனையில் இது 10 சதவீதம். இதைத்தான் இலாப விகிதம் என்பர்.

இதில் இயந்திரத் தேய்மானம் 4 கோடி, வட்டி 3 கோடி கழித்தால் 3 கோடியே நிற்கும். அதே ஆண்டில் கம்பெனி தன் பழைய நிலத்தை விற்று 2 கோடி கண்டிருந்தால், அது ஆதாயம். இரண்டும் சேர்ந்து 5 கோடி. கணக்கு எளிதாக இருக்க வரி கால் பங்கு என வைத்தால், நிகர இலாபம் 3.75 கோடி.

பால் விற்ற பணமும் மாட்டை விற்ற பணமும் ஒன்றல்ல என்பது விவசாயிகள் அறிந்ததே. நில ஆதாயம் மறு ஆண்டு வராது. அதை நீக்கினால் நிகர இலாபம் 2.25 கோடிதான். பங்குதாரர்களின் மொத்த முதல் 50 கோடி எனில், முதலீட்டுக்கான வருவாய் 7.5 சதவீதமாகத் தோன்றும். உண்மையில் தொழில் தந்தது 4.5 சதவீதமே. இத்தகைய ஆதாயத்தை 'பிற வருமானம்', 'விதிவிலக்கான இனங்கள்' என்ற தலைப்புகளிலும் அவற்றிற்கான குறிப்புகளிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

வேறொரு வகை ஆதாயம் தனித் தலைப்பில் வராது. 2022-இல் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சின் விலை ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டி, பின்னர் இறங்கியது. முன்பே மலிவாகப் பஞ்சு வாங்கி இருப்பு வைத்த ஆலைக்கு, விலை ஏறும்போது தொழில் இலாபமே உயர்ந்து தெரியும். உச்ச விலையில் வாங்கிய ஆலைக்கு, விலை இறங்கும்போது அதே இலாபம் குறையும். ஆகவே ஓராண்டுக் கணக்கை மட்டும் நம்பாமல், நான்கைந்து ஆண்டுகளின் இலாப விகிதத்தை வரிசையாக எழுதி ஒப்பிட வேண்டும்.

நிகர இலாபத்தில் 75 இலட்சத்தை ஈவுத்தொகையாக வழங்கினால், எஞ்சிய 3 கோடி உபரியில் சேரும். உபரி என்பது பெட்டியில் உள்ள ரொக்கம் அன்று. அது நூல் இருப்பாகவோ, இயந்திரமாகவோ, வெளிநாட்டு வாங்குவோர் தர வேண்டிய பாக்கியாகவோ இருக்கலாம். உபரி பெருகியும் ஈவுத்தொகை வராவிடில், ரொக்க ஓட்ட அறிக்கையைப் புரட்டிப் பார்த்தால், பணம் எங்கே நிற்கிறது என்பது தெரியும்.