இருமலின் முடிவில் வாந்தி

நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் வெறும் மூக்கொழுகல், லேசான இருமல். காய்ச்சல்கூட இல்லை. அதன்பின் இருமலின் போக்கே மாறுகிறது. நள்ளிரவில் மூச்சை இழுக்க இடம் தராமல் அடுக்கடுக்காக இருமல் வருகிறது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கொட்டி, கடைசியில் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்துவிடுகிறது. சற்று நேரத்தில் எதுவுமே நடக்காதவர்போல் ஆகிவிடுகிறார்.

மருத்துவரிடம் அவர் போவது இந்த அமைதியான நேரத்தில்தான். ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சு சுத்தம், எக்ஸ்ரேயும் சுத்தம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்பதால் சளியைச் சோதிக்கிறார்கள், காசநோய் இல்லை. அலர்ஜி என்று ஒரு சிரப், பிறகு இன்ஹேலர். வாந்தியைத் தனியாகச் சொன்னால் வயிற்றுக்கு ஒரு மாத்திரை. இருமிய பிறகுதான் வாந்தி வருகிறதா என்று கேட்டிருந்தால் கக்குவான் இருமல் நினைவுக்கு வந்திருக்கும்.

அது குழந்தைகளின் நோய் என்ற எண்ணம்தான் முதல் தடை. நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் கக்குவானுக்கான கடைசி ஊசி 5 வயதையொட்டிப் போடப்படுகிறது. 10, 16 வயதிலும் கர்ப்ப காலத்திலும் போடும் டிடி ஊசியில் கக்குவான் பாகம் கிடையாது. சிறுவயது ஊசி தந்த பாதுகாப்போ சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். இருமி முடித்து மூச்சை உள்ளே இழுக்கும்போது எழும் அந்தக் ‘கூ’வென்ற ஓசை பெரியவர்கள் பலருக்கு வருவதே இல்லை. அதனால் ஓசை இல்லை, வாந்தி இல்லை என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு சிக்கல் காலக்கணக்கு. மூக்கின் பின்பகுதியில் குச்சி விட்டு எடுக்கும் மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்க இருமலின் முதல் இரண்டு வாரமே ஏற்றது. பிசிஆர் சோதனைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் வரை இடமுண்டு. ஆனால் அந்த முதல் வாரங்களில் இது சாதாரணச் சளிபோலவே இருக்கும். சந்தேகம் வரும் நேரத்தில் சோதனை கைகொடுக்காமல் போகலாம். இருமல் வரும்போது வீட்டார் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

அசித்ரோமைசின் போன்ற மருந்து ஐந்து நாளில் பரவலை நிறுத்தும். ஆனால் இருமல் வலுத்த பிறகு தொடங்கினால் அதைப் பெரிதாகக் குறைக்காது. நச்சு ஏற்கெனவே மூச்சுக்குழாயின் உட்சவ்வைச் சிதைத்திருக்கும். இருமல் அடங்க இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம்.

ஆகவே இந்த நோயைக் கண்டுபிடிப்பது அந்தப் பெண்ணுக்காக மட்டுமல்ல. அவருக்குப் பேரக்குழந்தை பிறந்திருந்தால்? முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதற்கு முன் தொற்றினால் குழந்தை இருமாமலே நீலம் பாரித்து மூச்சு நின்றுபோகலாம். பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில் இப்படிப்பட்ட இருமல் வந்தால் சோதனை முடிவுக்குக் காத்திராமல், இருமுபவருக்கு மருந்தும் குழந்தைக்கும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தடுப்பு மருந்தும் தேவையா என்று அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.