அப்கான்பூர் மண்டபம் ஏன் விழுந்தது?

1325-ம் ஆண்டின் தொடக்கம். வங்காளப் படையெடுப்பை முடித்துக்கொண்டு டெல்லி சுல்தான் கியாசுதீன் துக்ளக் ஊர் திரும்புகிறார். அவர் புதிதாகக் கட்டிய துக்ளகாபாத் கோட்டை இன்னும் சில மைல்தான். நகருக்குள் நுழையும் முன் அப்பாவை வரவேற்று விருந்து வைக்க, மூத்த மகன் ஜூனா கான் அப்கான்பூர் என்ற இடத்தில் அவசர அவசரமாக ஒரு மர மண்டபம் கட்டியிருக்கிறார். சுல்தான் அங்கே தங்குகிறார், விருந்து நடக்கிறது. விருந்து முடியும் நேரத்தில் மண்டபம் சரிந்து விழுகிறது. சுல்தானும் கூட இருந்த சிலரும் அதன் அடியில் சிக்கிச் சாகிறார்கள். வெளியே நின்ற ஜூனா கான் அரியணை ஏறுகிறார்.

அந்த ஜூனா கான்தான் முகம்மது பின் துக்ளக். சோ தன் நாடகத்துக்கும் பத்திரிகைக்கும் பெயர் எடுத்துக்கொண்டது இவரிடமிருந்துதான். தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றியதும் செப்பு நாணயம் அடித்ததும் நம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். அப்பாவைக் கொன்றுவிட்டுத்தான் ஆட்சிக்கு வந்தார் என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் எழுநூறு ஆண்டுகளாக இருக்கிறது. அது உண்மையா என்று பார்க்க நமக்குக் கிடைப்பவை முக்கியமாக மூன்று பேரின் எழுத்துகள். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

முதலாமவர் ஜியாவுதீன் பரனி. டெல்லி சுல்தான்களின் வரலாற்றை அவர் எழுதி முடித்தது 1357-ல், அதாவது சம்பவம் நடந்து 32 ஆண்டுகளுக்குப் பிறகு. மற்ற விஷயங்களைப் பக்கம் பக்கமாக எழுதுகிற இந்த மனிதர், ஒரு சுல்தானின் சாவை இரண்டு மூன்று வரிகளில் முடித்துவிடுகிறார். விருந்து முடிந்து பெரிய மனிதர்கள் கை கழுவ வெளியே வந்தார்கள், வானத்துப் பேரிடி ஒன்று மண்ணவர்மேல் விழுந்தது, சுல்தான் உட்கார்ந்திருந்த மண்டபத்தின் கூரை சரிந்தது, அவரோடு ஐந்தாறு பேர் இறந்தார்கள். அவ்வளவுதான்.

இங்கே ‘பேரிடி’ என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? ‘தலையில் இடி விழுந்தது’ என்று நாம் சொல்லும்போது மின்னல் வெட்டியதாக யாரும் நினைப்பதில்லை. அலங்கார நடையில் எழுதிய பாரசீக ஆசிரியர்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் பின்னால் வந்த சிலர் இதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டு, மின்னல் தாக்கித்தான் மண்டபம் விழுந்தது என்று எழுதிவிட்டார்கள். டெல்லியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இடிமழை பெய்வது உண்டு, அதனால் இது நடக்கவே முடியாத கதை அல்ல. பரனிமேல் உள்ள சிக்கல் வேறு. அவர் முகம்மது பின் துக்ளக்கின் சபையில் 17 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். முகம்மது 1351-ல் இறந்ததும் செல்வாக்கிழந்து, சிறைப்பட்டு, வறுமையில் வாடியவர். தன் நூலைப் புதிய சுல்தான் பிரோஸ் ஷாவின் பெயரிலேயே எழுதினார். பிரோஸ், முகம்மதுவின் சித்தப்பா மகன். அண்ணன்மேல் மரியாதை வைத்திருந்தவர். அப்படிப்பட்டவரிடம் போய் ‘உங்கள் அண்ணன் அப்பனைக் கொன்றவர்’ என்று எழுதிக் கொடுக்க முடியுமா?

இரண்டாமவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. இவர் இந்தியாவுக்கு வந்ததே 1333-ல்தான். முகம்மதுவின் ஆட்சியில் டெல்லியில் காஜியாக இருந்தார், பிறகு மதுரை சுல்தான்களின் ஊருக்கும் வந்து போனார். பயணக் கதையை அவர் 1355 வாக்கில், சொந்த நாட்டில் உட்கார்ந்து சொல்லி எழுதவைத்தார். அப்போது முகம்மது உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் கைக்கு எட்டாத தூரம். அதனால் பயமில்லாமல் பேச முடிந்தது. அதைவிட முக்கியம், அவருக்கு இதைச் சொன்ன ஆள். முல்தான் ஊரின் பெரும் சூஃபி ஞானி ஷேக் ருக்னுதீன். சம்பவம் நடந்தபோது ஷேக் அங்கேயே இருந்தார்.

ஷேக் சொன்னதாக இப்னு பதூதா தரும் விவரம் இது. மண்டபம் மரத்தூண்கள்மேல் மூன்று நாளில் எழுப்பப்பட்டது. கட்டியவர் அரசின் கட்டட வேலைகளுக்கு மேற்பார்வையாளரான அகமது அயாஸ். யானைகள் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் மிதித்தால் சரிந்துவிடும்படி அதை அமைத்திருந்தார். விருந்துக்குப் பிறகு, யானைகளை அணிவகுத்துக் காட்ட ஜூனா கான் அப்பாவிடம் அனுமதி கேட்டார். பிறகு ஷேக்கைப் பார்த்து, மாலைத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, இறங்கி வாருங்கள் என்றார். ஷேக் இறங்கினார். யானைகள் வந்தன, மண்டபம் விழுந்தது. சத்தம் கேட்டு ஷேக் தொழாமலேயே ஓடி வந்தார். மண்வெட்டியும் கோடரியும் கொண்டுவரச் சொல்லி ஜூனா கான் கட்டளையிட்டார், ஆனால் அவசரம் வேண்டாம் என்று சைகையும் காட்டினார். சூரியன் மறைந்த பிறகே கருவிகள் வந்தன. இடிபாட்டைத் தோண்டியபோது, சுல்தான் தன் செல்லமகன் மகமூதின்மேல் குனிந்து, அவனைக் காப்பாற்ற முயன்ற நிலையில் கிடந்தார். எடுக்கும்போதே உயிர் இல்லை என்று சிலர் சொன்னார்கள், உயிர் இருந்தது, அப்புறம் முடித்துவிட்டார்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள்.

மூன்றாமவர் இசாமி. 1350-ல் தக்காணத்தில் கவிதையாக வரலாறு எழுதியவர். யானைகளின் ஓட்டத்தில் மண்டபம் விழுந்ததாகச் சொல்லும் இவர், சதி என்ற பக்கமே சாய்கிறார். ஆனால் இவருக்கு முகம்மதுமேல் தீராத பகை. டெல்லியிலிருந்து தேவகிரிக்கு மக்களைத் துரத்தியபோது, இவருடைய தொண்ணூறு வயதுப் பாட்டனார் வழியிலேயே இறந்துபோனார். இவரை ஆதரித்த பாமினி சுல்தானும் முகம்மதுவை எதிர்த்துத் தனி அரசு கண்டவர். ஆகவே இவர் சாட்சியைப் பாதி விலைக்குத்தான் எடுக்க வேண்டும்.

இப்படி ஒவ்வொருவரின் பின்னணியையும் அலசி, ‘இவர் நம்பத் தகுந்தவர், இவர் இல்லை’ என்று முத்திரை குத்துவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பொய் சொல்லக் காரணம் உள்ளவன் எல்லாவற்றையும் பொய்யாகச் சொல்வதில்லை. நேரில் பார்த்தவன் சொல்வதெல்லாம் அவன் பார்த்ததும் இல்லை. ஆளை எடைபோடுவதைவிட அவர் சொன்ன வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடைபோடுவதுதான் பலன் தரும்.

ஷேக்கின் சாட்சியத்தை அப்படிப் பிரிப்போம். மண்டபம் மரத்தால் ஆனது, மூன்று நாளில் கட்டியது, தொழுகைக்கு அழைப்பு வந்தது, யானைகள் வந்தன, விழுந்தது, கருவிகள் தாமதமாக வந்தன, சுல்தானின் உடல் இப்படிக் கிடந்தது. இவை கண்ணால் காணவோ அங்கிருந்தவர் அறியவோ கூடியவை. யானை மிதித்தால் விழும்படி பொறி வைத்தார்கள் என்பது யார் பார்த்தது? கட்டிய தச்சன் சொன்னால்தான் உண்டு. அப்படி ஒருவரையும் இப்னு பதூதா குறிப்பிடவில்லை. தாமதம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ‘மெதுவாக’ என்று காட்டிய சைகை, பதற்றத்தில் எழுந்த கையா, சதியின் கையா என்பது பார்ப்பவர் கொடுக்கும் பொருள். ஷேக் இதை இப்னு பதூதாவிடம் சொன்னது ஏறக்குறைய எட்டு ஆண்டு கழித்து. அதற்குள் முகம்மது தன் அத்தை மகனைத் தோலுரித்துக் கொன்றிருந்தார், தலைநகரை மாற்றி மக்களை வதைத்திருந்தார். மேற்பார்வையாளர் அகமது அயாஸ் குவாஜா ஜகான் என்ற பட்டத்தோடு வசீர் ஆகியிருந்தார். இத்தனையும் தெரிந்த பிறகு, அன்று கண்ட ஒவ்வொன்றும் சந்தேகமாகத் தோன்றுவது இயல்புதான். இத்தனைக்கும் ஷேக் முகம்மதுவின் எதிரி அல்ல. அவரிடம் மானியமாகக் கிராமங்கள் பெற்றவர். அதனால் அவர் வேண்டுமென்றே பழி போட்டார் என்றும் சொல்ல முடியாது.

இந்தச் சாட்சியத்தில் இல்லாத ஒன்றும் நமக்கு உதவுகிறது. இடி, மின்னல், மழை பற்றி ஷேக் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்டபத்துக்கு வெளியே நின்றவர் அவர். மின்னல் தாக்கியிருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார். எனவே மின்னல் கதையைத் தள்ளிவிடலாம். பரனியின் ‘பேரிடி’ வெறும் அலங்காரம்தான்.

அப்படியானால் கொலையா, விபத்தா? கொலைக்குக் காரணம் தேடுகிறவர்கள், தன்னைத் தள்ளிவிட்டு மகமூதுக்குப் பட்டம் கட்டிவிடுவார் என்று ஜூனா கான் பயந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அவர் முன்பே உலூக் கான் பட்டம் பெற்ற இளவரசர். வாரங்கல் போரில் முதல் முறை தோற்று, படையில் கலகம் வெடித்துத் திரும்பி வந்தபோதும் சுல்தான் அவரை ஒதுக்கவில்லை. இரண்டாம் முறை அனுப்பி 1323-ல் வெற்றி பெறவைத்தார். வங்காளத்துக்குப் போகும்போது டெல்லியையே அவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். காத்திருந்தாலே கையில் விழப்போகும் அரியணைக்காக இப்படி ஒரு பொறியா? அந்தப் பொறியும் நம்பக்கூடியதாக இல்லை. நூற்றுக்கணக்கானோர் வந்து போகும் மண்டபம், உள்ளே விருந்து பரிமாறி முடிக்கும்வரை அசையாமல் நின்று, யானை வந்ததும் மட்டும் விழ வேண்டும். ஜூனா கானே கடைசி நேரம்வரை அதனுள் நின்றிருக்கிறார். 1600-களின் தொடக்கத்தில் எழுதிய ஃபெரிஷ்தாவும் இந்த இடத்தில்தான் தயங்குகிறார். மந்திரத்தால் நின்ற மண்டபம் மந்திரம் நீங்கியதும் விழுந்தது என்று ஒருவர் எழுதியதைக்கூட அவர் பதிவு செய்துவிட்டு, உண்மை இறைவனுக்கே தெரியும் என்கிறார். அவருக்குச் சற்று முன்பே எழுதிய நிசாமுதீன் அகமது, அவசியமே இல்லாமல் ஒரு மண்டபம் கட்டியதே சந்தேகத்துக்கு இடம் என்றும், பிரோஸ் ஷாவுக்காகப் பரனி மறைத்தார் என்றும் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் வுல்ஸ்லி ஹெய்க், ஈஸ்வரி பிரசாத் இருவரும் கொலை என்றார்கள், ஆகா மஹ்தி ஹுசைன் விபத்து என்றார்.

மறுபக்கம், விபத்துக்கு வேண்டியதெல்லாம் ஷேக்கின் வாயிலிருந்தே கிடைக்கிறது. மூன்று நாளில் நிறுத்திய மரத்தூண்கள், அவசரத்தில் போட்ட முளைகள், அருகில் கூட்டமாக ஓட்டிவந்த யானைகள். மூன்று நான்கு டன் எடையுள்ள ஒரு யானை மிரண்டு ஒரு மூலைத்தூணில் இடித்தால் போதும், கூரை உள்ளே வந்துவிடும்.

என் கணிப்பில் இது விபத்து. கொலைக்குச் சான்று இல்லை. அகமது அயாஸ் வசீர் ஆனது சந்தேகத்தைக் கிளப்புமே தவிர, எதையும் நிரூபிக்காது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை: பகலில் விழுந்த மண்டபத்தைத் தோண்ட, கோட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தும், மண்வெட்டி வர ஏன் இருட்டும்வரை ஆனது? கொலை என்று வாதாடுபவர்கள் பொறியை விட்டுவிட்டு, இந்தத் தாமதத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. அவர்களிடம் இருக்கும் உருப்படியான சான்று அது ஒன்றுதான்.