வண்டி எடுக்க வரலாமா மேடம்?

சர்வீஸ் சென்டரிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "காலைல ஒன்பதுக்கு வந்து வண்டிய எடுத்துக்கிறோம் மேடம், சாயங்காலம் டெலிவரி" என்பார்கள். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் சரி என்று வைத்துவிடுகிறோம். எவ்வளவு ஆகும் என்ற பேச்சே வந்திருக்காது.

18,000 கிலோமீட்டர் ஓடிய 110 சிசி ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடுக்க வருபவர் முதலில் மீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல்கள் ஆகியவற்றைப் படமெடுத்து ஜாப் கார்டில் குறிக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ரெயின்கோட்டை நாமே எடுத்துவிடுவது நல்லது. "பின் பிரேக் பிடிக்கல", "காலைல ஸ்டார்ட் ஆக லேட் ஆகுது" என்று நம் குறைகளையும் அதிலேயே எழுதச் சொல்ல வேண்டும். 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் எழுதியிருந்தால், மெக்கானிக் உங்கள் பிரேக்கைத் தனியாகக் கவனிப்பார் என்று சொல்ல முடியாது.

அடுத்தது விலை. உதாரணக் கணக்கு இது: லேபர் 500 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 590. ஆயில் 420, ஏர் ஃபில்டர் 250, பிக்கப் 150. மொத்தம் 1,410 ரூபாய். ஆயில், ஃபில்டரின் எம்.ஆர்.பி.யில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கும். அதன்மேல் மறுபடியும் வரி போட்டிருந்தால் கேளுங்கள். ஃப்ரீ சர்வீஸ் என்றாலும் பொதுவாக லேபர்தான் இலவசம், ஆயிலுக்கு நம் காசுதான்.

நல்ல அட்வைசர் இதோடு ஒரு வரி சேர்ப்பார்: "இதுக்கு மேல எந்த வேலை வந்தாலும் உங்ககிட்ட கேட்டுட்டுதான் செய்வோம்." பில் எகிறுவது இந்த வரி இல்லாத இடங்களில்தான். அவர் சொல்லாவிட்டால் நாமே சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு சரி வாங்கிவிடலாம்.

மதியம் அந்த அழைப்பு வரும்.

"பின் பிரேக் ஷூ தேஞ்சிருக்கு மேடம். மாட்ட 300 ஆகும். பெல்ட்டும் மாத்திடலாமா?"

"ரெண்டையும் போட்டோ அனுப்புங்க."

டிரம் பிரேக் ஸ்கூட்டர்கள் பலவற்றில் பின் சக்கரத்தின் பிரேக் ஆர்மில் ஓர் அம்புக்குறி உண்டு. பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அது அதற்கான குறியைத் தொட்டால் ஷூ முடிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். பெல்ட்டில் வெடிப்போ நூல் பிரிந்ததோ தெரியாவிட்டால், மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை ஓட்டலாம். ஷூவுக்கு மட்டும் சரி சொன்னால் பில் 1,710.

நேரமும் கேட்டு வையுங்கள். வேலை இரண்டு மூன்று மணி நேரம்தான். மீதியெல்லாம் வரிசையும் வாட்டர் வாஷும். சனிக்கிழமையில் கூட்டம் அதிகம், செவ்வாய் புதன் தேவலாம். பாகம் ஸ்டாக்கில் இல்லையென்றால் சாயங்கால டெலிவரி மறுநாளாகிவிடும் என்பதால், கிலோமீட்டரைச் சொல்லி முன்கூட்டியே ஸ்டாக் பார்க்கச் சொல்வது பலன் தரும்.

வண்டி வந்ததும் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பின் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். கழற்றிய பழைய ஷூவையும் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடலாம்.