லேபிளில் 150, கரன்ட் எத்தனை மணி நேரம்?

அம்மா திருநெல்வேலியில், மகன் சென்னையில். "நாளைக்குக் காலையில ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் கரன்ட் இருக்காதாம்ப்பா. இன்வெர்ட்டர் தாங்குமா?" என்று போனில் கேட்கிறார் அம்மா. "பேட்டரி லேபிளை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா" என்கிறார் மகன்.

முதல் படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு எழுத்தெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. ஃபிளாஷை அணைத்து, சற்றுச் சாய்வாக எடுத்த இரண்டாவது படம் தெளிவாக இருந்தது. மாடல் பெயரிலும் வாரன்டி மாதங்களிலும் எண்கள் கிடக்கும், அவை வேண்டாம். `12V 150Ah @ C20` என்ற வரிதான் கணக்குக்கு வேண்டியது. இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் உள்ள விஏ எண், ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு தாங்கும் என்பதை மட்டுமே சொல்லும், நேரத்தைச் சொல்லாது.

12-ஐ 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. அம்மா வீட்டில் ஓடுபவை 75 வாட் பழைய ஃபேன் இரண்டு, 20 வாட் எல்இடி டியூப் இரண்டு, 10 வாட் வைஃபை ரவுட்டர். மொத்தம் 200 வாட். 1,800-ஐ 200-ஆல் வகுத்தால் 9 மணி நேரம். எட்டு மணி நேரக் கரன்ட் கட்டுக்குப் போதும் என்று தோன்றும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது இன்வெர்ட்டரே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதி 1,440. அடுத்தது சி20. இருபது மணி நேரம் நிதானமாக, 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் முழு 150 கிடைக்கும் என்பது அதன் பொருள். 200 வாட் லோடுக்கு பேட்டரி 20 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும். ஈய பேட்டரியில் வேகமாக எடுக்க எடுக்க, கிடைப்பது குறையும். அதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் மிஞ்சுவது சுமார் 1,150. அதாவது ஆறு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. மூன்று மணிக்குள் ஃபேன் நின்றுவிடும்.

ஒரு ஃபேன், ஒரு டியூப், ரவுட்டர் என்று 105 வாட்டோடு நிறுத்தினால்? லோடு பாதியாகிறது, பேட்டரியும் நிதானமாகக் கொடுக்கிறது. கணக்கு 12 மணி நேரத்தைத் தொடும். மாலை ஐந்தைத் தாராளமாகத் தாண்டலாம்.

இதெல்லாம் புது பேட்டரிக்கு. மூன்று, நான்கு வருடம் ஓடிய பேட்டரியில் லேபிள் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது குறைந்திருக்கும். எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். டிஸ்டில்டு வாட்டர் மட்டம் சரியாக இருக்கிறதா பாருங்கள். முழுக்க சார்ஜ் ஆனதும் மெயினை அணைத்து, அதே 200 வாட் லோடை ஓடவிட்டு, இன்வெர்ட்டர் தானாக நிற்கும் நேரத்தைக் குறியுங்கள். ஆறு மணி வர வேண்டிய இடத்தில் மூன்றுதான் வந்தால் பாதிதான் மிச்சம். அந்த நேரத்தையும் தேதியையும் மார்க்கரால் லேபிளுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்; அடுத்த முறை போட்டோ எடுக்கும்போது அதுவும் படத்தில் விழட்டும்.