காவல்துறையின் பணப்பை காலியான 24 நாட்கள்: பிளாக்செயின் தரவுகளை ஆய்வாளர்கள் படிப்பது எப்படி?

2024-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி, ஜெர்மனி காவல்துறைக்குச் சொந்தமானவை என அறியப்பட்ட பிட்காயின் முகவரிகளிலிருந்து நாணயங்கள் வெளியேறத் தொடங்கின. அரசுத் தரப்பில் எந்த அறிவிப்பும் வெளியாகவில்லை. ஆனால், அந்த நகர்வு சில நிமிடங்களிலேயே உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களின் திரையில் தெரிந்தது. அடுத்த மூன்று வாரங்களில் அந்த முகவரிகள் முற்றிலும் காலியாயின. அந்த நாட்களில் 'அரசு விற்கிறது' என்ற எச்சரிக்கைப் பதிவுகளைப் பார்த்துச் சிறு முதலீட்டாளர்கள் பலர் தங்கள் கைவசம் இருந்ததையும் விற்றனர்.

இந்த நாணயங்கள், மூவி2கே என்ற திரைப்படத் திருட்டு இணையதளம் தொடர்பான வழக்கில் சாக்சனி மாநிலக் காவல்துறையின் வசம் வந்தவை. குற்றம்சாட்டப்பட்டவர் ஏறத்தாழ 50,000 பிட்காயின்களை ஜெர்மனியின் மத்திய குற்றப்புலனாய்வுத் துறையின் பணப்பைக்குத் தாமாகவே மாற்றியதாக 2024 ஜனவரி இறுதியில் அறிவிக்கப்பட்டது.

முகவரிக்கு உரியவர் யார்?

பிட்காயின் பிளாக்செயினில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் பொதுவெளியில் பதிவாகிறது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது சென்றது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால், முகவரிக்கு உரியவரின் பெயர் அதில் இருக்காது. அந்தப் பெயரைக் கண்டறிவதே ஆய்வாளரின் முதல் பணி.

இதற்கு இரண்டு வழிகள் அதிகம் பயன்படுகின்றன. முதலாவது, ஒரே பரிவர்த்தனையில் பல முகவரிகளின் நாணயங்கள் சேர்த்துச் செலவிடப்பட்டால், அவை அனைத்தும் ஒருவரின் கட்டுப்பாட்டில் உள்ளவை என்று கருதுவது. ஒவ்வொரு முகவரிக்கும் உரிய ரகசியத் திறவுகோல் இருந்தால்தான் அவ்வாறு செலவிட முடியும் என்பதே இதற்குக் காரணம். இரண்டாவது, பொதுவெளியில் உள்ள தகவலுடன் ஒப்பிடுவது. ஜெர்மனி விவகாரத்தில், அறிவிக்கப்பட்ட தொகையும் காலமும் பிளாக்செயினில் தெரிந்த பெருந்தொகை மாற்றங்களுடன் பொருந்தின. அதன் அடிப்படையில் ஆர்க்கம் போன்ற தரவு நிறுவனங்கள் அந்த முகவரிகளுக்கு 'ஜெர்மனி அரசு' என்று பெயரிட்டன.

இத்தகைய பெயரிடல் ஓர் அனுமானமே. பலர் தங்கள் நாணயங்களை ஒன்றாகக் கலந்து அனுப்பும் சேவைகளைப் பயன்படுத்தினால் முதல் வழி தவறான முடிவைத் தரும்.

'நகர்ந்தது' வேறு, 'வெளியேறியது' வேறு

பிட்காயின் கணக்கு, வங்கிக் கணக்கைப் போன்றதன்று; அது சில்லறை வாங்குவதைப் போன்றது. 500 ரூபாய்த் தாளைக் கொடுத்து 200 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், மீதி 300 ரூபாய் கைக்குத் திரும்புகிறது. அதேபோல், முன்பு பெற்ற ஒரு தொகையைச் செலவிடும்போது அது முழுவதுமாகச் செலவாகி, மீதி அனுப்பியவருக்கே திரும்பும். பெரும்பாலும் அது ஒரு புதிய முகவரிக்குச் செல்லும்.

எடுத்துக்காட்டாக, 1,000 பிட்காயின் கொண்ட ஒரு தொகையிலிருந்து 400 பிட்காயின் வர்த்தகத் தளத்துக்கு அனுப்பப்படுவதாகக் கொள்வோம். மீதமுள்ள 600 அனுப்பியவரின் புதிய முகவரிக்குச் செல்லும். தானியங்கி எச்சரிக்கைக் கணக்குகள் சில இதை '1,000 பிட்காயின் நகர்ந்தது' என அறிவிக்கும். உண்மையில் கைமாறியது 400 மட்டுமே. எனவே ஆய்வாளர்கள் மீதித் தொகையைப் பிரித்தறிந்து நீக்கிய பிறகே கணக்கிடுகின்றனர்.

வர்த்தகத் தளத்துக்குள் செல்லும் வரத்து

அடுத்த கேள்வி, நாணயங்கள் எங்கே சென்றன என்பது. கிரிப்டோ வர்த்தகத் தளங்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி வைப்பு முகவரி தருகின்றன. அங்கு வந்து சேரும் நாணயங்கள் பின்னர் தளத்தின் பொதுப் பணப்பைக்கு மாற்றப்படும். ஒரு முகவரியிலிருந்து இப்படித் தொடர்ந்து பொதுப் பணப்பைக்குப் பணம் சென்றால், அது அந்தத் தளத்தின் வைப்பு முகவரி என்று அடையாளம் காண முடியும். வைப்பு முகவரிகளுக்கு வெளியிலிருந்து வரும் தொகையே 'வரத்து' எனப்படுகிறது. தளத்தின் பணப்பைகளுக்குள் நடக்கும் மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரே நாணயம் இருமுறை எண்ணப்படும்.

ஜெர்மனியின் நாணயங்கள் கிராக்கன், காயின்பேஸ், பிட்ஸ்டாம்ப் ஆகிய தளங்களுக்கும், பெருந்தொகை வர்த்தகம் செய்யும் நிறுவனங்களுக்கும் சென்றதாக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அனுப்பப்பட்டவற்றில் ஒரு பகுதி, விற்கப்படாமல் காவல்துறையின் முகவரிகளுக்கே திரும்பியதும் பதிவானது. சென்றதை மட்டும் கூட்டியவர்களுக்கு விற்பனை மிகைப்பட்டுத் தெரிந்தது. சென்றதிலிருந்து திரும்பியதைக் கழித்தவர்களுக்கே நிகர அளவு கிடைத்தது.

தரவு காட்டாதது எது?

வர்த்தகத் தளத்தில் நாணயம் சேர்வதோடு பிளாக்செயினின் சாட்சியம் முடிகிறது. அதன்பின் நடக்கும் வாங்கல், விற்றல் அனைத்தும் தளத்தின் உள்பதிவேட்டில்தான் நடக்கின்றன. எனவே வரத்து என்பது விற்பதற்கான வாய்ப்பைக் காட்டுமே தவிர, விற்பனையை உறுதி செய்யாது. கடனுக்கு ஈடாக வைப்பதற்கும், பாதுகாப்பாகச் சேமிப்பதற்கும்கூட நாணயங்கள் அங்கு அனுப்பப்படுகின்றன.

திவாலான மவுண்ட் காக்ஸ் தளத்தின் நிகழ்வு இதற்குச் சான்று. 2024 மே 28-ஆம் தேதி அதன் பணப்பைகளிலிருந்து ஏறத்தாழ 1,40,000 பிட்காயின்கள் நகர்ந்தன. விற்பனை தொடங்கிவிட்டது என்ற அச்சத்தில் விலை சரிந்தது. ஆனால், நாணயங்கள் சென்று சேர்ந்த முகவரி எந்த வர்த்தகத் தளத்துக்கும் உரியதாக அறியப்படவில்லை. கடன்தாரர்களுக்குத் திருப்பித் தருவதற்கான ஆயத்தமே அது என்பது பின்னர் தெளிவானது. திருப்பிச் செலுத்துதல் தொடங்கியது ஜூலை 5-ஆம் தேதிதான்.

அதே ஜூலை 5-ஆம் தேதி பிட்காயின் விலை 54,000 டாலருக்கும் கீழே இறங்கியது. ஜெர்மனியின் விற்பனையும் மவுண்ட் காக்ஸ் குறித்த அச்சமும் ஒரே வாரத்தில் சேர்ந்ததால், சரிவில் எதன் பங்கு எவ்வளவு என்பதைத் தரவுகளால் பிரித்துக் காட்ட இயலவில்லை.

அதிகாரபூர்வக் கணக்கு

ஜூலை 12-ஆம் தேதி அந்த முகவரிகள் காலியாயின. நான்கு நாட்களுக்குப் பின், டிரெஸ்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் விவரங்களை வெளியிட்டது. ஜூன் 19 முதல் ஜூலை 12 வரை 49,858 பிட்காயின்கள் விற்கப்பட்டு, சுமார் 264 கோடி யூரோ கிடைத்ததாக அதில் கூறப்பட்டது. சராசரியாக ஒரு நாணயத்துக்கு ஏறத்தாழ 53,000 யூரோ. விலை வேகமாக ஏறி இறங்கும் பொருள் என்பதால், வழக்கு முடியும் முன்பே விற்க வேண்டியிருந்தது என்றும் விளக்கமளிக்கப்பட்டது.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் அளவையும் காலத்தையும் ஏறக்குறையச் சரியாகவே கணித்திருந்தனர். ஆனால், விலை அடுத்து எங்கே செல்லும் என்பதை அந்தக் கணிப்பு சொல்லவில்லை. பணப்பை காலியான சில நாட்களிலேயே பிட்காயின் 60,000 டாலரைக் கடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 1,00,000 டாலரையும் தாண்டியது. அச்சத்தில் விற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை.

'பெருந்தொகை நகர்ந்தது' என்ற எச்சரிக்கை வரும்போது ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது தொகையை அன்று. சென்று சேர்ந்த முகவரியைத்தான். அது புதிய முகவரியாக இருந்தால், பெரும்பாலும் இடமாற்றம் மட்டுமே. வர்த்தகத் தளத்தின் வைப்பு முகவரியாக இருந்தால், அடுத்த சில நாட்களில் எவ்வளவு திரும்புகிறது என்பதையும் பார்த்த பிறகே முடிவுக்கு வருகின்றனர்.