சகடை இறுகியதா, கயிறு அறுந்ததா?

"கையைத் தூக்க முடியலை, தோள்பட்டையிலே உயிர் போகிறது" என்று சொன்னால் போதும், கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள்: "ஃப்ரோஸன் ஷோல்டரா இருக்கும், கையை நல்லா ஆட்டு, சரியாப் போயிடும்." ஆனால் தூக்க முடியாத கை எல்லாமே ஃப்ரோஸன் ஷோல்டர் ஆகிவிடாது. தோளிலே தசைநார் கிழிந்து போயிருந்தாலும் கை தூக்க வராது. இரண்டுக்கும் வைத்தியம் வேறே. ஒன்று பொறுமையாக மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டியது. மற்றதில் சில சமயம் வாரக்கணக்கில் தாமதித்தாலே நஷ்டம். அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாமும் ஓரளவு தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கிணற்றடியை நினைத்துக் கொள்ளுங்கள். வாளி மேலே வரவில்லை என்றால் காரணம் இரண்டாக இருக்கலாம். சகடை துருப்பிடித்து இறுகிப் போயிருக்கலாம். இல்லாவிட்டால் சகடை நன்றாகவே சுழலும், கயிறு அறுந்திருக்கும். தோளிலும் இதே கதைதான்.

நம் தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய ஜவ்வு உறை ஒன்று இருக்கிறது. ரவிக்கையில் கை தூக்க வசதியாக அக்குளில் கொஞ்சம் தளர்த்தி விடுகிறோமே, அதே மாதிரி இந்த உறையும் அடிப்பக்கத்தில் மடிப்பாகத் தளர்ந்து கிடக்கும். கையைத் தூக்கும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். ஃப்ரோஸன் ஷோல்டரில் இந்த உறை வீங்கி, தடித்து, நனைத்த புதுத்துணி போலச் சுருங்கிவிடுகிறது. பிறகு யார் இழுத்தாலும் கை ஓர் அளவுக்கு மேல் போகாது. இதுதான் சகடை இறுகுவது.

தசைநார் என்பது தசையை எலும்போடு கட்டுகிற நாடா. தோள் எலும்பின் தலையைச் சுற்றி இப்படி நாலு நாடாக்கள் உண்டு. நாலையும் சேர்த்து டாக்டர்கள் 'ரொட்டேட்டர் கஃப்' என்கிறார்கள். இவற்றில் அடிக்கடி கிழிவது தோளின் மேல்பக்கமாக வருகிற நார். அது கிழிந்தால் மூட்டு சுழலும், ஆனால் இழுக்கிற பலம் இருக்காது. கயிறு அறுந்துவிட்டது.

என் நாத்தனாருக்கு வந்தது முதல் வகை. 51 வயசு, பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. எங்கேயும் விழவில்லை, இடித்துக் கொள்ளவில்லை. இடது தோளில் லேசாக ஒரு குடைச்சல் ஆரம்பித்து, இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் போயிற்று. பிறகு பின்பக்கம் கையைக் கொண்டு போய் உள்பாடி கொக்கி மாட்ட முடியவில்லை. தலை பின்னக் கை எட்டவில்லை. ஆறாவது மாதம் வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் கை மரக்கட்டை மாதிரி நின்றுவிட்டது.

எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்கு 64 வயசு. துவைக்கிற கல் பக்கத்தில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். அன்று சாயந்திரமே கை மேலே எழும்பவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லா இருக்கு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவருடைய மருமகள், "அத்தை, உங்களுக்கும் அவங்க நாத்தனாருக்கு வந்த மாதிரிதான். சுவரிலே கையை வச்சு ஏத்துங்க" என்று தினம் பயிற்சி செய்ய வைத்தாள். மூன்று வாரமாகியும் காபி டம்ளரை அலமாரியிலே வைக்க முடியவில்லை. அதன் பிறகுதான் எலும்பு டாக்டரிடம் போனார்கள்.

அந்த டாக்டரம்மா செய்த சோதனையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெரியம்மாவைத் தானாகக் கையைத் தூக்கச் சொன்னார். மார்பு மட்டம்கூட வரவில்லை. தோள்பட்டை மட்டும் காதுப் பக்கம் எம்பியது. பிறகு டாக்டரம்மாவே கையைத் தாங்கி மெதுவாக உயர்த்தினார். வலி இருந்தது, ஆனால் கை தலைக்கு மேல் முழுக்கப் போயிற்று! கொஞ்சம் இறக்கி, "இங்கேயே நிறுத்திப் பிடிங்க" என்று மெதுவாக விட்டார். கை தொப்பென்று கீழே விழுந்தது. "மூட்டு இறுகலைம்மா, நார் கிழிஞ்சிருக்கு" என்றார். அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனிலும் அப்படியேதான் வந்தது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நார் தெரியாது. அதனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதால் நாரும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

நாத்தனாருக்கு இதே டாக்டரம்மா வேறு மாதிரி பார்த்தார். நேராக உட்கார வைத்து, இரண்டு முழங்கைகளையும் இடுப்போடு ஒட்டி, மடக்கச் சொன்னார். பிறகு கதவைத் திறப்பது போல இரண்டு முன்கைகளையும் வெளிப்பக்கம் விரிக்கச் சொன்னார். வலது கை நன்றாக விரிந்தது. இடது கை முன்னாலேயே நின்றுவிட்டது. டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக வெளியே தள்ளிப் பார்த்தார். அப்போதும் நகரவில்லை, பூட்டுப் போட்டது போல நின்றது.

இதுதான் முக்கியமான அடையாளம். தானாகவும் வராமல், மற்றவர் தூக்கினாலும் வராமல் இருந்தால் மூட்டு இறுகியிருக்கிறது. தானாக வராமல், மற்றவர் தூக்கினால் மட்டும் வந்தால் நாரில் சந்தேகம்.

இந்தக் 'கதவு திறக்கிற' சோதனையை வீட்டிலும் கண்ணாடி முன் நின்று செய்து பார்க்கலாம். முழங்கை இடுப்பை விட்டு விலகாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு சின்னத் துண்டை மடித்து இடுக்கிக் கொள்ளுங்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு, நல்ல கையால் வலிக்கிற கையின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தலைப்பக்கம் கொண்டு போயும் பார்க்கலாம். வலித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். விழுந்து அடிபட்டவர்கள் மட்டும், எலும்பு முறிவோ மூட்டு நழுவலோ இல்லை என்று எக்ஸ்ரேயில் தெரியும் வரை இதையெல்லாம் செய்யவே கூடாது.

ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி நாமே தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. வலி அதிகமாக இருந்தால், நார் கிழிந்தவர்களும் கையை இறுக்கிக்கொண்டு யாரையும் தூக்க விடமாட்டார்கள். நாரில் பாதிதான் கிழிந்திருந்தால் கை தானாகவே மேலே போய்விடும், வலியும் பலக்குறைவும்தான் இருக்கும். மூட்டுத் தேய்மானத்திலும் ஃப்ரோஸன் ஷோல்டர் போலவே கை இறுகும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் எக்ஸ்ரே. ராத்திரி வலி இரண்டிலுமே உண்டு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

யாருக்கு எது வரும் என்பதிலும் வித்தியாசம் உண்டு. ஃப்ரோஸன் ஷோல்டர் பெரும்பாலும் 40-லிருந்து 60 வயசுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. ஜப்பானில் இதற்கு 'ஐம்பது வயசுத் தோள்' என்றே பேச்சு வழக்கில் பெயர். 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்ற பெயரை 1934-ல் வைத்தவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர் காட்மன். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். அதனால் சர்க்கரை இருக்கிறதா என்று தெரியாதவர்களுக்கு இந்த வலி வந்தால் ரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்துவிடுவது நல்லது. நார் கிழிவது வயசு ஏற ஏற அதிகம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நார் நைந்து, விழாமலேயே மெதுவாகக் கிழிவதும் உண்டு. பலருக்கு அது வலியே இல்லாமல் இருக்கும்.

இனி வைத்தியம். நாத்தனாருக்கு மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலி நன்றாகக் குறைந்து, பயிற்சி செய்ய முடிந்தது. ஊசி போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தினமும் பரிசோதித்துப் பார்த்தார், ஏறித்தான் இருந்தது, பிறகு இறங்கிவிட்டது. பயிற்சி மூன்றுதான். மேஜையைப் பிடித்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டுக் கடிகாரப் பெண்டுலம் போல ஆட்டுவது. சுவரில் விரல்களை நண்டு போல ஏற்றுவது. இரண்டு கையிலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையால் வலிக்கிற கையை வெளிப்பக்கம் தள்ளுவது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபின் ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம், தினம் மூன்று வேளை. இழுக்கிற மாதிரி இருக்கலாம், ஆனால் பயிற்சி முடிந்து வெகு நேரம் வலி நின்றால் அடுத்த வேளை குறைத்துக்கொள்ள வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும் ஆரம்ப மாதங்களில் யாராவது எண்ணெய் தேய்த்து, கையை 'சொடக்கு' எடுக்கிறேன் என்று பலமாக இழுத்தால் வீக்கமும் வலியும் அதிகமாகும்.

பத்தாவது மாதம் அவர் தானே தலை பின்னிக் கொண்டார். ஒன்றரை வருஷமாகியும் முதுகுப் பக்கம் மட்டும் முழுக்க எட்டவில்லை. இது தானாகவே சரியாகும் என்பார்கள். பெரும்பாலும் சரியாகிறதுதான், ஆனால் ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் தங்கிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் மெதுவாகத்தான் குணமாகும்.

பெரியம்மாவுக்கு விழுந்த ஐந்தாவது வாரம் ஆபரேஷன் செய்து நாரை எலும்போடு சேர்த்துக் கட்டினார்கள். விழுந்ததால் திடீரென்று முழுக்கக் கிழிந்த நாரைச் சீக்கிரமே கட்டினால்தான் நல்லது. நாளானால் நார் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும், தசையும் மெலிந்து கொழுப்பாகிவிடும், பிறகு கட்டினாலும் சரியாகப் பிடிக்காது. ஆறு வாரம் கை தூளியில் கிடந்தது. நாலாவது மாதம் தலை சீவினார். குடத்தைத் தூக்க ஒரு வருஷம் ஆயிற்று. மெதுவாக நைந்து கிழிந்தவர்களுக்கெல்லாம் ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. மிச்சமுள்ள தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியிலேயே பலரும் நன்றாக இருக்கிறார்கள்.

ஆகவே தோள் வலிக்காக டாக்டரிடம் போகும்போது இந்த நாலு விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்: விழுந்தோ, கனம் தூக்கியோ ஆரம்பித்ததா, இல்லை தானாக வந்ததா, எத்தனை நாளாக இருக்கிறது, மற்றவர் தூக்கினால் கை மேலே போகிறதா, சர்க்கரையோ தைராய்டோ உண்டா. விழுந்த அன்றே கை எழும்பாமல் போனால், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும், இரண்டு வாரத்துக்குள் மறுபடி எலும்பு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இடது தோளில் திடீரென்று வலி வந்து, கூடவே நெஞ்சு அடைப்பதும் வியர்ப்பதும் இருந்தால், இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், அது தோள் சமாசாரம் இல்லாமல் இருக்கலாம்.