சார்ஜர் வயருக்கு டேப் சுற்றினால் போதுமா?

எங்கள் வீடுகளில் மடிக்கணினியின் சார்ஜர் வயர் பெரும்பாலும் கணினியில் செருகும் பிளக்கை ஒட்டிய இடத்தில்தான் வெடிக்கிறது. மேலுறை கிழிந்ததுதான் பழுது என்று நினைத்து, கறுப்பு டேப் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடர்ந்து பாவிக்கிறோம். உண்மையான பழுது உள்ளே இருக்கிறது.

இந்த வயரின் நடுவில் ஒரு கம்பிக் கற்றை இருக்கும். அதன்மேல் ஒரு காப்புறை, அதைச் சுற்றி மெல்லிய செப்பு இழைகள், எல்லாவற்றுக்கும் மேலே நாம் காணும் உறை. பிளக் விறைப்பானது, வயர் வளையக்கூடியது. இரண்டும் சேரும் இடம் நாளும் மடிந்து, இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மிஞ்சிய சில இழைகளே முழு மின்சாரத்தையும் சுமக்கின்றன.

இதைக் கணக்காகவே பார்ப்போம். 19.5 வோல்ட், 3.34 அம்பியர் என்று எழுதியிருந்தால் அது 65 வாட்ஸ் சார்ஜர். இழைகள் அறுந்த இடத்தில் மின்தடை அரை ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 3.34ஐ 3.34ஆல் பெருக்கி, அதில் பாதியை எடுத்தால் ஏறக்குறைய 5.6 வாட்ஸ். விரல் நுனியளவு இடத்தில் அவ்வளவும் சூடாக மாறுகிறது.

சார்ஜரின் பாதுகாப்பு அமைப்பு இதை நிறுத்தாதா என்று கேட்கலாம். மின்சாரம் அளவுக்கு மீறினால்தான் அது துண்டிக்கும். இங்கே மின்சாரம் வழக்கமான அளவிலேயே ஓடுகிறது, சூடு மட்டும் ஓரிடத்தில் சேர்கிறது. டேப் அந்தச் சூட்டை உள்ளே அடைத்து, உறை கருகுவதையும் மறைத்துவிடுகிறது. இழைகள் அறுவதையும் அது தடுக்காது.

வயரை அசைக்கும்போது சார்ஜ் வந்து வந்து போனாலோ, அந்த இடம் சுட்டாலோ, கருகல் மணம் வந்தாலோ உடனே சுவரில் ஆளியை நிறுத்திக் கழற்ற வேண்டும்.

இனி என்ன செய்யலாம்? பழுது சுவர்ப் பக்கத்து வயரில் என்றால், அதில் ஓடுவது 230 வோல்ட். டேப்பைத் தொடவே கூடாது. பெரும்பாலான சார்ஜர்களில் அந்த வயர் கழன்று வரும், அதை மட்டும் புதிதாக வாங்கலாம்.

கணினிப் பக்கம் என்றால், திருத்துநர் பழுதான துண்டை வெட்டி நீக்கி, பிளக்கோடு வரும் புதிய வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடித் தருவார். சார்ஜர் பெட்டியை ஒட்டிய இடத்தில் வெடித்திருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டிவரும். கழற்றிய பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கலாம் என்பதால் அதை வீட்டில் திறக்கக்கூடாது, புதியதை வாங்குவதே நல்லது.

புதியதில் வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. 3.34 அம்பியருக்குப் பதிலாக 4.62 அம்பியர் சார்ஜர் வாங்கினால் கணினி தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பிளக்கின் அளவும், அதன் நடுமுனை நேரா மறையா என்று காட்டும் குறியும் பொருந்த வேண்டும். வோல்ட், அம்பியர், நடுமுனைக் குறி ஆகியவை பழைய சார்ஜரின் லேபிளில் இருக்கும். அதைப் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.